ஒரு மஸ்டர்டு போலோ, மூன்று நிறம், ஒரு கூந்தல்

திருப்பூர் ஏற்றுமதி நிறுவனம் ஒன்றிலிருந்து வந்த வேலை. பெண்களுக்கான பிக்கே போலோ டி-ஷர்ட். மாதிரித் தையல் முடிந்து கையில் இருந்தது மஸ்டர்டு நிறம் மட்டும்தான். மற்ற மூன்று நிறங்களுக்கும் சாயப் பட்டறையில் லேப் டிப் மட்டும் தயார். அதாவது, உள்ளங்கை அளவுக்கு மூன்று துணித் துண்டுகள்: நேவி, ரஸ்ட், பிஸ்தா. மாடலை வைத்து மஸ்டர்டில் ஒரு முறை படம் எடுத்து, மற்ற மூன்றையும் போட்டோஷாப்பில் மாற்றித் தர வேண்டும். கூடவே ஒரு சின்ன ஆசை: ரஸ்ட் படத்தில் மட்டும் மாடலின் கருங்கூந்தல் செம்புப் பழுப்பாக இருக்க வேண்டும்.

இந்த ஒரே வேலையில் `Color` பிளெண்ட் மோட், `Hue/Saturation`, `Selective Color`, `Gradient Map` நான்கையும் தொட வேண்டி வந்தது. நான்கில் எது சிறந்தது என்று கேட்பவர்கள் உண்டு. அதைவிட உதவுகிற கேள்வி ஒன்று இருக்கிறது: இருக்கிற துணிக்கும் வர வேண்டிய துணிக்கும் வெளிச்ச அளவில் எவ்வளவு தூரம்? இதைக் கேட்காமல் நேவியில் கை வைத்துத்தான் முதல் நாள் மூக்குடைபட்டேன்.

படம் எடுத்தபோது செய்த ஒரு நல்ல காரியம், மூன்று லேப் டிப்பையும் மாடல் நின்ற இடத்திலேயே, அதே விளக்கில், அதே எக்ஸ்போஷரில் ஒரு ஃபிரேம் எடுத்து வைத்தது. அதனால் துண்டின் எண்களையும் சட்டையின் எண்களையும் நேருக்கு நேர் வைத்துப் பார்க்க முடிந்தது. சட்டையின் மார்புப் பகுதியில், மடிப்பும் மினுக்கமும் இல்லாத இடத்தில் `Info` பேனல் காட்டியது R 212, G 160, B 40. நேவித் துண்டு R 32, G 44, B 84. இந்த எண்களிலிருந்து வெளிச்ச அளவை இப்படிக் கணக்கிடலாம்:

```
Lum = 0.30 × R + 0.59 × G + 0.11 × B
```

மஸ்டர்டுக்கு 162 வருகிறது. நேவிக்கு 45. `Color` மோட் அடிப்படைப் படத்திலிருந்து எடுத்துக்கொள்வதும் இந்த வெளிச்ச அளவைத்தான். `Gradient Map`பும் கிட்டத்தட்ட இதே அளவை வைத்துத்தான் நிறத்தைத் தேர்ந்தெடுக்கிறது.

முதல் நாள் இந்தக் கணக்கைப் போடாமல் நேராக `Hue/Saturation` திறந்தேன். மஸ்டர்டின் ஹியூ 42 டிகிரி, நேவியுடையது 226. ஸ்லைடரை −176க்குத் தள்ளினால் நேவியின் ஹியூ வந்துவிடும். வந்தது. ஆனால் மார்பில் கிடைத்த நிறம் R 40, G 80, B 212. பளிச்சென்ற ராயல் ப்ளூ. சாச்சுரேஷனைக் குறைத்து, `Lightness`ஐ −50 வரை இழுத்து, ஒருவழியாக மார்பை மட்டும் துண்டோடு பொருத்தி அனுப்பினேன். அரை மணி நேரத்தில் மெர்ச்சண்டைசர் தம்பி போன் செய்தார். "அண்ணா, இது நேவி மாதிரியே இல்லீங்ண்ணா. ரெயின்கோட் போட்ட மாதிரி இருக்குதுங்."

அவர் சொன்னது சரி. நூறு சதவீத ஜூமில் பார்த்தால் இரண்டு கோளாறுகள் தெரிந்தன. ஒன்று, `Lightness` ஸ்லைடர் மைனஸில் போகும்போது எல்லாப் பிக்சலிலும் கறுப்பைக் கலக்கிறது. வெளிச்சம் பட்ட தோள்பட்டையும் சேர்ந்து மங்கி, மேலே புகைக் கண்ணாடி வைத்த மாதிரி ஆகிவிடுகிறது. (பிளஸில் போனால் தலைகீழ்: கறுப்பு சாம்பலாகும். அந்த ஸ்லைடரை நான் இப்போதெல்லாம் தொடுவதே இல்லை. வெளிச்சத்துக்கு `Curves` இருக்கிறது.)

இரண்டாவது கோளாறு நுட்பமானது. மஸ்டர்டுத் துணியின் மடிப்புக்குள் ஒளி இரண்டு மூன்று முறை துணியிலேயே பட்டுத் திரும்புகிறது. அதனால் மடிப்பின் ஆழம் ஆரஞ்சுப் பக்கம் சாய்ந்து 30 டிகிரியிலும், வெளிச்சம் பட்ட முகடு 48 டிகிரியிலும் இருந்தது. மஞ்சளில் இந்த 18 டிகிரி வித்தியாசம் கண்ணுக்கு இயல்பாக இருக்கும், அழகாகக்கூட இருக்கும். மொத்தத்தையும் 184 டிகிரி சுழற்றினால் மடிப்பு 214 ஆகிப் பச்சை கலந்த நீலமாகவும், முகடு 232 ஆகி ஊதாச் சாயலாகவும் போய்விடுகிறது. நிஜ நேவித் துணி ஒருநாளும் அப்படி நடந்துகொள்ளாது. ரெயின்கோட் என்று தோன்றியதற்குக் காரணம் அதுதான்.

அப்புறம் `Color` மோடை முயன்று பார்த்தேன். நேவித் துண்டின் நிறத்தில் ஒரு `Solid Color` லேயர், சட்டை மாஸ்க், பிளெண்ட் மோட் `Color`. அடுத்த நொடியே சட்டை வெளிறிய லாவெண்டர் நீலமானது. மேலே சொன்ன கணக்குத் தெரிந்தால் இதில் வியப்பில்லை. இந்த மோட் கீழே இருக்கிற 162ஐ அப்படியே வைத்துக்கொண்டு, நேவியின் மூன்று எண்களையும் 117 உயர்த்திவிடுகிறது: R 149, G 161, B 201. அதற்கு நீலம் போடத் தெரியும், இருட்டாக்கத் தெரியாது. கீழே `Curves` வைத்து முதலில் சட்டையை இருட்டாக்கலாம்தான். ஆனால் அதன் பிறகும் ஆழமான மடிப்பிலும் முகட்டிலும் ஒரே அளவு நீலம்தான் ஏறும். நிஜத் துணியில் மடிப்புக்குள் போகப் போக நிறச் செறிவும் சேர்ந்து அடங்கும்.

ஆக, நேவிக்கு `Gradient Map`. படத்தின் ஒவ்வொரு வெளிச்ச அளவுக்கும் எந்த நிறம் என்று நாமே எழுதிக் கொடுக்கிறோம். பழைய நிறத்தை அது திரும்பிப் பார்ப்பதே இல்லை. மடிப்பின் ஆரஞ்சும் முகட்டின் மஞ்சளும் சேர்ந்து தொலைந்தன, இங்கே அதுதான் வேண்டும். வெளிச்சத்தையும் இதுவே மாற்றித் தருவதால் லேயர் `Normal`இலேயே இருக்கலாம்.

கிரேடியன்ட்டில் எந்த இடத்தில் எந்த நிறம் என்பதை ஊகிக்க வேண்டாம். சட்டையில் மூன்று இடம் அளந்தேன்: ஆழமான மடிப்பு 70, மார்பு 162, தோள் முகடு 215. 255ஆல் வகுத்தால் கிரேடியன்ட்டின் `Location` 27, 64, 84 சதவீதம். நடுவில் துண்டின் நிறத்தையே வைத்தேன். மேலும் கீழும் என்ன? அங்கேதான் இரண்டாவது தவறு. நீலத்தில் கொஞ்சம் பளபளப்பு இருக்கட்டும் என்று முகட்டுக்கு R 78, G 94, B 140 கொடுத்தேன். பிக்கே துணியின் ஒவ்வொரு சின்ன மேடும் வெளுத்து, சட்டை முழுக்க உப்புப் பூத்த மாதிரி ஆனது. சென்சார் நாய்ஸும் கூடவே கிளம்பிவிட்டது.

திருத்தம் விகிதத்தில் இருந்தது. விளக்கு அதே விளக்கு. தோளில் மார்பைவிட எத்தனை மடங்கு வெளிச்சம் விழுகிறதோ, துணி மாறினாலும் அந்த மடங்கு கிட்டத்தட்ட அப்படியே இருக்கும். 215ஐ 162ஆல் வகுத்தால் 1.33. நேவியின் 45ஐ 1.33ஆல் பெருக்கினால் 60. நான் கொடுத்திருந்ததோ 94க்கும் மேல். R 50, G 64, B 106 என்று இறக்கியதும், வெளிச்சம் 64க்கு வந்து, உப்பு போய்விட்டது. மடிப்புக்கு இதே விகிதக் கணக்கு 19 என்கிறது. ஆனால் கரும் நிறத் துணியின் மடிப்புக்குள் ஒளி திரும்பத் திரும்பப் பட்டு நிரப்புவது கிடையாது; பாதி வழியிலேயே துணி விழுங்கிவிடும். அதனால் இன்னும் இறக்கி R 10, G 14, B 32, அதாவது ஏறக்குறைய 15. கடைசியாக `Dither` டிக். இத்தனை வெளிச்ச அளவுகளையும் இவ்வளவு குறுகிய இடைவெளியில் அடைக்கும்போது பட்டை பட்டையாகத் தெரிவதை அது மறைக்கும். கோப்பு 16 பிட்டில் இருந்தால் இன்னும் நிம்மதி.

`Gradient Map`புக்கு ஒரு கண்மூடித்தனம் உண்டு. மாஸ்க்குக்குள் இருக்கிற எல்லாமே அதற்குத் துணிதான். மார்பிலிருந்த வெள்ளை எம்பிராய்டரியும் மூன்று பட்டன்களும் முதல் முறை நீலமாகிவிட்டன. கலங்கிய நீலத்தில் ஒரு லோகோ! தனியாக மாஸ்க்கிலிருந்து வெட்டி எடுத்தேன். பட்டுப் புடவையில் இதைச் செய்கிறவர்கள் ஜரிகையை முதலில் பிரித்து வைக்காவிட்டால் தங்கமெல்லாம் உடல் நிறத்தில் கரைந்துவிடும்.

சட்டை முடிந்தது. படம் மட்டும் முடியவில்லை. மாடலின் தாடைக்கு அடியிலும் கழுத்திலும் மஞ்சள் காமாலை வந்த மாதிரி ஒரு சாயல். மஸ்டர்டு காலரில் பட்டுத் தெறித்த ஒளி அது. மஸ்டர்டுப் படத்தில் யாருக்கும் உறுத்தாது. நேவிச் சட்டைக்கு மேலே அந்த மஞ்சள் எங்கிருந்து வந்தது என்று கண் கேட்கும். இதற்கு `Selective Color`. கழுத்துக்கு மென்மையான ஒரு மாஸ்க், `Colors` பட்டியலில் `Yellows`, அதில் `Yellow` −35, `Black` +8. கறுப்பை ஏற்றியது ஏனென்றால், நேவிக் காலர் மேலே அவ்வளவு ஒளியைத் திருப்பி அனுப்பாது. கழுத்து கொஞ்சம் இருண்டுதான் இருக்க வேண்டும்.

`Relative`ஆ, `Absolute`ஆ என்பது இங்கே முக்கியம். `Relative` இருக்கிற மையில் பங்கு கணக்கிடுகிறது: 50 சதவீத மெஜந்தா உள்ள இடத்தில் +10 கொடுத்தால் 55 ஆகும். `Absolute`இல் 60 ஆகிவிடும். தோலுக்கு எப்போதும் `Relative`. மஞ்சள் அதிகமுள்ள இடத்தில் அதிகமாகவும் குறைவான இடத்தில் குறைவாகவும் எடுக்கும். ஒரு நிறத்தை இன்னொன்றாக மாற்றுவதற்கு `Selective Color`ஐ எடுப்பவர்களைப் பார்த்தால் எனக்குப் பாவமாக இருக்கும். எல்லா ஸ்லைடரையும் 100க்குத் தள்ளியும் மஸ்டர்டு நேவியாகாது. ஏற்கெனவே சரியான வீட்டுக்கு வந்துவிட்ட நிறத்தைச் சரியான அறைக்குள் தள்ளிவிட அதைப் போல வேறொன்றில்லை.

ரஸ்ட் பத்து நிமிட வேலை. மஸ்டர்டும் ரஸ்டும் பக்கத்து வீட்டுக்காரர்கள்: 42 டிகிரியிலிருந்து 16 டிகிரி. `Hue/Saturation`இல் `Hue` −26. மார்பு R 212, G 86, B 40 ஆனது. வெளிச்ச அளவு 162லிருந்து தானாகவே 119க்கு இறங்கியது. துண்டு அதைவிடக் கொஞ்சம் அடர்த்தி. ஒரு `Curves` வைத்து இறக்கியதும் பொருந்திவிட்டது. மடிப்புக்கும் முகட்டுக்கும் இருந்த 18 டிகிரி வித்தியாசம் இங்கே வரப்பிரசாதம். மடிப்பு சிவப்புப் பக்கமும் முகடு ஆரஞ்சுப் பக்கமும் சாய்ந்தது, நிஜ ரஸ்ட் துணியிலும் அப்படித்தான். `Gradient Map` போட்டிருந்தால் இந்த உயிரையெல்லாம் நானே கையால் திரும்ப ஊற்ற வேண்டியிருந்திருக்கும்.

பிஸ்தாவில் `Color` மோடுக்கு நல்ல காலம் பிறந்தது. துண்டு R 160, G 178, B 128. வெளிச்ச அளவு 167. மஸ்டர்டுக்கு 162. ஐந்தே வித்தியாசம். `Solid Color` லேயரை `Color`இல் போட்டதும் மார்பு துண்டோடு ஒட்டிக்கொண்டது. மடிப்பில் மட்டும் பச்சை தூக்கலாக இருந்தது. நான் முன்பே சொன்ன, எங்கும் ஒரே அளவு நிறம் ஏறுகிற பழக்கம். லேயர் ஸ்டைலில் `Blend If`இன் `Underlying Layer` கறுப்பு முனையை Alt அழுத்திப் பிரித்து 40க்கும் 110க்கும் இடையில் வைத்தேன். ஆனால் அப்படி விட்ட இடத்தில் அடியிலிருந்த ஆரஞ்சு எட்டிப் பார்த்தது. அதனால் கீழே ஒரு `Hue/Saturation` வைத்து, வெளிச்ச அளவு மாறாதபடி அதன் பிளெண்ட் மோடையும் `Color` ஆக்கி, சட்டையின் சாச்சுரேஷனை −70 வரை முதலில் வடித்துவிட்டேன்.

இனி கூந்தல். துணியைவிட இதற்குத்தான் அதிக நேரம் பிடித்தது.

கருங்கூந்தலில் ஹியூ ஸ்லைடரை எவ்வளவு தள்ளினாலும் ஒன்றும் நடக்காது. R 38, G 32, B 30 என்கிற நிறத்தில் சுழற்றுவதற்கு நிறமே இல்லை. `Colorize` டிக் செய்தால் நிறம் ஏறும், ஆனால் தலை முழுக்க ஒரே ஹியூ. கேட்டிருந்த செம்புப் பழுப்பு ஏறக்குறைய R 92, G 52, B 34. அதை `Color` மோடில் பூசினால் நடுப்பகுதி R 64, G 24, B 6 ஆகிக் கன்றிய சிவப்பாகிறது. மேலே மினுங்குகிற பட்டை, வெளிச்ச அளவு 120 இருந்த இடம், R 150, G 110, B 92 என்று பழுப்பாகிறது. இந்த இரண்டாவதுதான் கூந்தலை விக் ஆக்குகிறது.

ஏன் என்றால், முடியின் மினுக்கம் இரண்டு அடுக்கு. முடியின் மேல்தோலில் பட்டு நேராகத் திரும்பும் ஒளி விளக்கின் நிறத்திலேயே, வெள்ளையாக இருக்கும். சாயம் அதைத் தொடுவதில்லை. முடிக்குள் நுழைந்து, பின்சுவரில் பட்டுத் திரும்பி வரும் ஒளிதான் முடியின் நிறத்தை ஏந்தி வரும். அது முதல் பட்டையிலிருந்து சற்றுத் தள்ளி விழும். சாயம் பூசிய நிஜக் கூந்தலை ஜன்னலோரம் பார்த்தால் வெள்ளைப் பட்டையும் அதன் பக்கத்தில் செம்புப் பட்டையும் தனித்தனியாகத் தெரியும். எல்லாவற்றையும் ஒரே நிறத்தில் முக்கியெடுத்தால் வெள்ளைப் பட்டை காணாமல் போகிறது.

அதனால் முதலில் ஒரு `Curves`: கூந்தல் மாஸ்க்குக்குள் 34ஐ 58க்கு உயர்த்தி, மேல்பக்கம் 120ஐ 135க்கு மேல் போகாமல் பிடித்துக்கொண்டேன். ரா கோப்பு இருந்ததால் தப்பித்தேன். JPEG மட்டும் கையில் இருந்திருந்தால் கறுப்புக்குள்ளிருந்து முடிக்குப் பதில் கட்டம் கட்டமாகத்தான் கிளம்பியிருக்கும். அதற்கு மேல் `Gradient Map`, இம்முறை பிளெண்ட் மோட் `Color`. நான்கு நிறுத்தங்கள்: 4 சதவீதத்தில் R 20, G 11, B 9, 23இல் R 88, G 48, B 32, 36இல் R 124, G 82, B 58, 53இல் R 144, G 132, B 124. அதாவது இருட்டில் நிறம் கொஞ்சம், நடுவில் நிறைய, உச்சியில் மறுபடி கொஞ்சம். வெள்ளைப் பட்டை வெள்ளையாகவே நிற்கிறது.

சட்டைக்கு `Normal`, கூந்தலுக்கு `Color` ஏன்? ஓரங்களுக்காக. தலையைச் சுற்றிப் பறக்கும் ஒற்றை முடிகள், பின்னணிச் சாம்பலோடு பாதி கலந்த பிக்சல்கள். `Normal`இல் அவற்றின் வெளிச்சமும் கிரேடியன்ட்டின் வெளிச்சமாக மாற்றி எழுதப்பட்டு, தலையைச் சுற்றி ஒளிவட்டம் தோன்றும். `Color`இல் அதிகபட்சம் லேசான சாயல்தான் ஏறும். அதையும் ஓரத்தில் மாஸ்க்கை மெதுவாகத் தேய்த்து விட்டுவிட்டேன். ஒற்றை முடி கறுப்பாகவே பறந்தாலும் யாரும் கண்டுபிடிப்பதில்லை. வகிட்டை மட்டும் மறக்காமல் மாஸ்க்கிலிருந்து எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் உச்சந்தலையிலும் சாயம் ஊறிய மாதிரி இருக்கும்.

தோளில் விழுந்த முடிக்கற்றைகளுக்கு நடுவே துணி எட்டிப் பார்க்கும் இடங்கள் நேவிப் படத்தில் மஞ்சள் கோடுகளாக மின்னின. அந்த ஓரத்தில் மெல்லிய பிரஷ்ஷால் ஒரு மாஸ்க் வரைந்து, `Hue/Saturation`இல் `Yellows` மட்டும் தேர்ந்தெடுத்து `Saturation` −80. நேவியில் அது போதும். இருட்டான நிறத்தின் ஓரத்தில் சாம்பல் கோடு கண்ணில் படாது.

எல்லாம் முடித்து மேலே ஒரு கறுப்பு `Solid Color` லேயரை `Color` மோடில் வைத்துப் பார்ப்பது என் வழக்கம். படம் கறுப்பு வெள்ளையாகத் தெரியும். நேவிச் சட்டை அப்போதும் இருட்டுத் துணியாகத் தெரிந்தால் சரி. நான் முதலில் அனுப்பிய ரெயின்கோட்டை இப்படிப் பார்த்தபோது மடிப்புகளெல்லாம் அழுந்தி, வெட்டி ஒட்டிய சாம்பல் அட்டை மாதிரி இருந்தது.

மூன்று நிறமும் ஒப்புதலான அன்று தம்பி மறுபடி கூப்பிட்டார். "அண்ணா, வொயிட்டும் ஒண்ணு போட்டுக் குடுத்துருங்களே?" கணக்குப் போட்டுப் பார்த்தேன். மார்பை 235க்கு உயர்த்தினால் விகிதப்படி மடிப்பு 101க்கு வரும். வெள்ளைத் துணியின் மடிப்பு அவ்வளவு இருட்டாக இருக்காது. ஒளி உள்ளேயே பட்டுப் பட்டு நிரம்பிவிடும். மடிப்பை மட்டும் தூக்கினால் நாய்ஸ் தூக்கிக்கொண்டு வரும். எந்த லேயரும் இதற்கு ஆகாது என்று சொல்லி, வெளிர் சாம்பலில் ஒரு பீஸ் தைத்து அனுப்பச் சொன்னேன். அடுத்த வாரம் வந்தது. கையோடு இன்னும் நான்கு லேப் டிப்புகளும்.